கடையிலும் ஆன்லைனிலும் ஒரே சரக்கு: இரண்டு ஜோடி பஃபர் வைத்தும் ஆர்டர் ரத்து ஆகிறது, எங்கே தவறு?

பைபாஸ்_பாய் (ஆம்பூர்)
சனி, இரவு 11.10

எல்லோருக்கும் வணக்கம். ஆம்பூர் பைபாஸில் தோல் ஷூ, செருப்புக் கடை வைத்திருக்கிறேன். சென்னை–பெங்களூரு ரோட்டில் போகிற கார்க்காரர்கள்தான் பாதி வியாபாரம். ஒன்றரை வருடமாக ஒரு ஆன்லைன் தளத்திலும் விற்கிறேன். தனி குடோன் கிடையாது. கடை அலமாரியில் இருக்கிற அதே ஜோடிதான் ஆன்லைனுக்கும் போகும்.

மொத்தம் 38 மாடல். ஒவ்வொன்றிலும் 6-ம் நம்பர் முதல் 11 வரை ஆறு சைஸ். ஆக, 228 வரிகள். எந்த வரியிலும் பத்து ஜோடிக்கு மேல் இருக்காது, பெரும்பாலும் மூன்று நாலுதான்.

கடையில் விற்றுப்போனதை ஆன்லைனில் ஒருவர் ஆர்டர் செய்துவிடக் கூடாது என்று எல்லா வரியிலும் இரண்டு ஜோடியைக் குறைத்துத்தான் காட்டுகிறோம். காலை 10.30-க்கும் மாலை 6 மணிக்கும் இருப்பு எண்களைத் தளத்தில் ஃபைலாக ஏற்றுகிறோம். அப்படியும் போன மாதம் ஏழு ஆர்டரை நாங்களே ரத்து செய்ய வேண்டி வந்தது. வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கும்போது "சரக்கு இல்லை" என்று சொல்வது எனக்குப் பெரிய சங்கடமாக இருக்கிறது.

பஃபரை மூன்றாக்கலாமா, நாலாக்கலாமா? உங்கள் கடைகளில் எவ்வளவு வைக்கிறீர்கள்?

குடியாத்தம்_கைலி
சனி, இரவு 11.45

பாய், நான் லுங்கியும் துண்டும் இதே மாதிரி இரண்டு பக்கமும் விற்கிறேன். எனக்கு நூற்றுக்குப் பத்து என்பதுதான் கணக்கு. 200 லுங்கி இருந்தால் 180 காட்டுவேன். மூன்று வருடத்தில் இரண்டு முறைதான் ரத்து. இரண்டு போதவில்லை என்றால் மூன்று போடுங்கள், மூன்றும் போதாவிட்டால் நாலு. ரத்து நிற்கிற வரைக்கும் ஏற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். பஃபர் என்பது அதற்குத்தானே.

இருப்பு_மாலா (ராணிப்பேட்டை)
ஞாயிறு, காலை 7.20

கைலி அண்ணே, உங்கள் சரக்குக்கு அது சரி. ஒரே ரகத்தில் 200 இருக்கும்போது 20 ஒதுங்கினால் வலிக்காது. பாய் கடையில் ஒரு வரியில் நாலு ஜோடி இருக்கிறது. பத்து சதவீதம் என்றால் அரை ஜோடிகூட வராது. நாலு ஜோடி பஃபர் என்றால் அந்த வரி ஆன்லைனில் தெரியவே தெரியாது. 228 வரியிலும் மூன்று மூன்றாகப் போட்டால் 684 ஜோடி ஆன்லைன் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அடக்கவிலை சராசரி 700 என்று வைத்தாலும் நாலே முக்கால் லட்ச ரூபாய்ச் சரக்கு.

பாய், பஃபரைத் தொடுவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். நான் ஷூ கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருடம் இருப்புக் கணக்கு பார்த்தவள். ரத்து ஆனதும் நாங்கள் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: ஜோடி இல்லை என்று தெரிந்த அந்த நேரத்தில், கம்ப்யூட்டரில் அந்த வரிக்கு என்ன எண் இருந்தது?

வந்த ஆர்டரையும் கழித்துப் பார்த்தால் மைனஸ் ஒன்று வருகிறதா? அப்படியென்றால் உங்கள் கணக்கு சரி, தளத்துக்குச் சேதி போய்ச் சேர்ந்ததில்தான் தாமதம். கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று இருக்கிறது, அலமாரியில் ஒன்றுமே இல்லை என்றால் கணக்கே தவறு. இரண்டும் வேறு வேறு நோய். பஃபர் முதலாவதுக்குத்தான் மருந்து. இரண்டாவதுக்குப் பஃபர் போட்டால் கொஞ்ச நாள் வலி தெரியாது, அவ்வளவுதான். எண்ணிக்கை இன்னும் ஒன்று தவறினால் திரும்ப ரத்து.

அந்த ஏழு ஆர்டரையும் ஒவ்வொன்றாக இப்படிப் பிரித்துப் பார்த்து எழுத முடியுமா? ஃபைல் எப்போது தயார் செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஏற்றுகிற நேரத்தைக் கேட்கவில்லை, எண்களை எடுக்கிற நேரத்தைக் கேட்கிறேன்.

ஆரணி_பட்டு
ஞாயிறு, காலை 9.05

எனக்கும் இதே பிரச்சினைதான் அக்கா. எங்களுடையது ஆரணிப் பட்டு. இரண்டு ஆன்லைன் தளத்தில் போடுகிறோம். ஒவ்வொரு புடவையும் ஒரே ஒரு பீஸ்தான், அதே கலர் அதே பார்டரில் அடுத்தது கிடையாது. ஒரே நாளில் இரண்டு தளத்திலும் ஒரே புடவை விற்றுப்போய் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. இதற்குப் பஃபர் எவ்வளவு?

இருப்பு_மாலா (ராணிப்பேட்டை)
ஞாயிறு, காலை 9.40

உங்களுடையது வேறு கணக்கு, தங்கை. ஒன்றில் ஒன்றைக் கழித்தால் சைபர். ஒற்றைப் பீஸுக்குப் பஃபரே கிடையாது. ஒரு புடவை ஒரு நேரத்தில் ஒரு தளத்தில் மட்டும்தான் இருக்க வேண்டும். பதினைந்து நாள் இங்கே, விற்கவில்லை என்றால் இங்கே எடுத்துவிட்டு அங்கே. பாய் கடைக்கு உதவுகிற சௌகரியம் ஒன்று உங்களுக்கு இல்லை. கவுன்டரில் வாங்குகிறவர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பணம் கொடுக்கிறார். அதனால் கவுன்டரில் இல்லாததை விற்க முடியாது. உங்களுக்கு இரண்டு பக்கமும் ஆள் முகம் தெரியாமல் விற்கிறது.

கோரமங்களா_குமரன்
ஞாயிறு, பகல் 12.15

நான் வாணியம்பாடிக்காரன், பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. இந்தக் காலத்தில் ஃபைல் ஏற்றுவதே தப்பு என்பேன். பில்லிங் சாஃப்ட்வேரையும் தளத்தையும் ஏபிஐ மூலம் இணைத்துவிட்டால், பில் போட்ட சில நொடியில் அங்கே எண் குறைந்துவிடும். பஃபரே வேண்டாம். மாதச் சந்தா கட்டினால் இணைத்துக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

இருப்பு_மாலா (ராணிப்பேட்டை)
ஞாயிறு, பகல் 1.00

தம்பி, இணைத்தால் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாய் கடையில் போய் நின்று பார். ஒரு குடும்பம் காரிலிருந்து இறங்கி வரும். அப்பா கடைசி 8-ம் நம்பர் ஜோடியைக் காலில் போட்டு நடந்து பார்ப்பார். கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பையனுக்குச் செருப்பு தேடுவார். அம்மாவுக்குக் கைப்பை பார்ப்பார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் பில். அதுவரை கம்ப்யூட்டருக்கு அந்த ஜோடி அலமாரியில்தான் இருக்கிறது. அந்த முக்கால் மணி நேரத்தை எந்த ஏபிஐயும் பார்க்காது. அதனால் வேகமாக ஓடுகிற சைஸுக்கு ஒன்றாவது பஃபர் வேண்டும்.

கோரமங்களா_குமரன்
ஞாயிறு, பகல் 1.25

அது நான் யோசிக்காத விஷயம் அக்கா, ஒப்புக்கொள்கிறேன். பில்லுக்கு முந்தைய நேரம் என் கணக்கில் இல்லவே இல்லை.

ஃபைல்தான் என்றால் பாய்க்கு ஒரு விஷயம். ஃபைல் ஏற்றியதும் "ஏற்கப்பட்டது" என்று வந்தால் 228 வரியும் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. பிறகு ஒரு முடிவு ரிப்போர்ட் வரும், அதில் எத்தனை வரி ஏற்கப்பட்டது, எத்தனை தள்ளப்பட்டது என்று இருக்கும். பொருள் கோடு 8-11 என்கிற மாதிரி இருந்தால் எக்செல் அதைத் தேதியாக மாற்றி 08-Nov ஆக்கிவிடும். சைபரில் ஆரம்பிக்கிற கோடு என்றால் முன்னால் இருக்கிற சைபரைத் தின்றுவிடும். அந்த வரி தள்ளப்படும், தளத்தில் பழைய எண்ணே நிற்கும். கோடு இருக்கிற பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு, தளத்தின் ரிப்போர்ட்டில் 228 வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

பைபாஸ்_பாய் (ஆம்பூர்)
ஞாயிறு, இரவு 11.30

எல்லோருக்கும் நன்றி. மாலா அக்கா சொன்னபடி ஏழையும் உட்கார்ந்து பிரித்தேன். கணக்குப் பையனும் கூட இருந்தான்.

மூன்று ஆர்டரில் கம்ப்யூட்டரில் மைனஸ் ஒன்று. இன்னும் மூன்றில் கம்ப்யூட்டரில் ஒன்றோ இரண்டோ இருந்தது, அலமாரி காலி. மிச்சம் ஒன்று எனக்கே நினைவிருக்கிறது. கல்யாண கோஷ்டி ஒன்று வேனில் வந்து மாப்பிள்ளைத் தோழர்களுக்கு என்று ஒரே மாடலில் ஒரே நம்பர் நாலு ஜோடி எடுத்தார்கள். அந்த வரியே காலி.

குமரன் தம்பி, ரிப்போர்ட்டைப் பார்த்தேன். 228-ம் போயிருக்கிறது. எங்கள் கோடு எழுத்தில் ஆரம்பிப்பதால் தப்பித்தோம்.

ஃபைல் விஷயம்: ராத்திரி கடை மூடும்போது பத்து மணிக்குக் கணக்குப் பையன் ஃபைலைத் தயார் செய்துவிட்டுப் போவான். காலை 10.30-க்குக் கடை திறந்ததும் ஏற்றுவான். ராத்திரி கடை மூடியிருக்கும்போது கவுன்டர் விற்பனை கிடையாது என்பதால் அதில் தவறு இருக்காது என்று நினைத்தோம்.

இருப்பு_மாலா (ராணிப்பேட்டை)
திங்கள், காலை 6.50

பாய், அங்கேதான் இருக்கிறது. கவுன்டர் மூடியிருக்கும், ஆன்லைன் மூடாது. அந்த மைனஸ் வந்த மூன்றில் ஏதாவது ஒன்றின் எண்களைக் கொடுங்கள். ராத்திரி எவ்வளவு இருந்தது, ராத்திரி எத்தனை ஆர்டர் வந்தது, பகலில் கவுன்டரில் எத்தனை போனது.

பைபாஸ்_பாய் (ஆம்பூர்)
திங்கள், காலை 10.15

பிரவுன் லோஃபர், 8-ம் நம்பர். வெள்ளி ராத்திரி அலமாரியில் நாலு ஜோடி. இரண்டு பஃபர் போக இரண்டு காட்டினோம். ராத்திரியே இரண்டு ஆர்டர் வந்தது. சனி பகல் பன்னிரண்டு மணிக்குள் கவுன்டரில் ஒன்று போனது. பிறகு ஒரு மணிக்கு ஒரு ஆர்டர், நாலு மணிக்கு ஒரு ஆர்டர். கடைசி ஆர்டரைத்தான் ரத்து செய்தோம்.

இருப்பு_மாலா (ராணிப்பேட்டை)
திங்கள், காலை 10.50

இப்போது பாருங்கள். தளத்தில் இரண்டு காட்டினீர்கள், ராத்திரி இரண்டும் விற்றது. விற்றதைத் தளம் தானாகவே கழித்துக்கொண்டு சனி விடியலில் சைபர் என்று நின்றது. அது சரியான சைபர். மிச்சம் இரண்டும் உங்கள் பஃபர்.

10.30-க்கு உங்கள் பையன் வெள்ளி ராத்திரி ஃபைலை ஏற்றினான். அதில் "இரண்டு" என்று இருந்தது. ஃபைலில் போகிற எண் பழைய எண்ணோடு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும். ஏற்கெனவே விற்றுப்போன இரண்டு ஜோடிக்குத் திரும்ப உயிர் வந்துவிட்டது. ராத்திரி ஆர்டர் இரண்டு, தளத்தில் இரண்டு, ஆக மொத்த அலமாரியும் ஆன்லைனுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. நீங்கள் இரண்டு பஃபர் வைத்ததாக நினைத்தீர்கள். 10.31-க்கு உங்கள் பஃபர் சைபர். அதன் பிறகு கவுன்டரில் ஒன்று போய், தளத்தில் அந்த இரண்டும் விற்றாலே போதும், ஒரு ரத்து நிச்சயம்.

பஃபரை நாலாக்கினாலும் இதே கதைதான். அதிகமாகக் காட்டுகிற வரிகளில் ராத்திரி அதிகமாக விற்கும், காலையில் அத்தனையும் திரும்ப உயிர் பெறும்.

ஏற்றுகிற நிமிடத்தில் எண்ணை எடுக்க வேண்டும். முதலில் தளத்திலிருந்து ஆர்டர்களை இறக்குங்கள், அப்புறம் கணக்குப் போடுங்கள், உடனே ஏற்றுங்கள். மூன்றையும் பத்து நிமிடத்துக்குள் ஒரே மூச்சில் முடிக்கச் சொல்லுங்கள். ஷீட்டில் இவ்வளவுதான்:

```
=MAX(0, B2-C2-D2)
```

B என்பது கம்ப்யூட்டர் இருப்பு. C என்பது ஆர்டர் வந்து இன்னும் B-யில் கழிக்காத ஜோடிகள். D பஃபர். சனிக்கிழமைக்குப் போட்டுப் பாருங்கள். நாலில் இரண்டு போய், இன்னொரு இரண்டும் போய், சைபர். தளம் தானாக நின்ற அதே சைபர்.

ஒரு ஜோடியை B-யில் கழித்த அடுத்த நொடி அது C-யிலிருந்து போய்விட வேண்டும். இல்லையென்றால் ஒரே ஜோடியை இரண்டு முறை கழிப்பீர்கள். அந்தத் தவறு மோசமானது, ஏனென்றால் யாரும் வந்து சண்டை போட மாட்டார்கள். சரக்கு அலமாரியில் தூங்கும், தளத்தில் தீர்ந்துவிட்டது என்று காட்டும், மாதக்கணக்கில் தெரியாது.

குடியாத்தம்_கைலி
திங்கள், பகல் 2.30

அக்கா, நானும் முந்தின நாள் ஃபைலைத்தான் காலையில் ஏற்றுகிறேன். என்னிடம் 20 ஒதுங்கியிருப்பதால் இத்தனை நாள் தெரியவில்லை போலிருக்கிறது. அந்த இரண்டு ரத்தும் ஆடித் தள்ளுபடி நேரத்தில் வந்தது, அப்போது ராத்திரியில் மட்டும் முப்பது நாற்பது ஆர்டர் வரும்.

சரி, நேரத்தைச் சரி செய்துவிட்டால் பஃபர் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு ஒரு வழி சொல்லுங்களேன். பாய் கேட்டதும் அதுதானே.

இருப்பு_மாலா (ராணிப்பேட்டை)
திங்கள், இரவு 9.15

சொல்கிறேன். நீங்கள் காட்டிய எண்ணுக்கு மேல் தளம் ஒரு ஜோடிகூட விற்காது. ஒரு ஃபைலுக்கும் அடுத்த ஃபைலுக்கும் நடுவில் ஆன்லைனில் எவ்வளவு கூட்டம் வந்தாலும் அது காட்டிய எண்ணோடு நின்றுவிடும். ஆக, அந்த இடைவெளியில் கவுன்டரில் எத்தனை போகும் என்பதை மட்டும் பஃபர் தாங்கினால் போதும். ஆன்லைன் விற்பனையைப் பார்த்துப் பஃபர் வைக்க வேண்டியதே இல்லை. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆன்லைனில் வேகமாகப் போகிற மாடலுக்கு அதிகப் பஃபர் வைப்பார்கள், கவுன்டரில் வேகமாகப் போவதைக் கவனிக்க மாட்டார்கள்.

பாய், உங்கள் பில்லிங்கில் கடைசி 60 நாள் கவுன்டர் விற்பனையை எடுங்கள். காலை ஃபைல் முதல் மாலை ஃபைல் வரை ஒரு இடைவெளி. மாலை முதல் மறுநாள் காலை வரை இன்னொன்று. ஒவ்வொரு வரிக்கும் ஏதாவது ஒரு இடைவெளியில் அதிகபட்சம் எத்தனை ஜோடி போனது என்று பாருங்கள். அதுதான் அந்த வரியின் பஃபர். கல்யாண கோஷ்டியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்களுக்காக வருடம் முழுக்க நாலு ஜோடியை ஒளித்து வைப்பது வீண். ஒரே வரியில் மூன்று ஜோடிக்கு மேல் யாராவது கேட்டால் பில் போடுவதற்கு முன்னால் தளத்தில் அந்த வரியை சைபர் ஆக்கிவிட்டு ஆர்டரைப் பார்க்க வேண்டும் என்று கவுன்டரில் சொல்லி வையுங்கள். கைப்பேசியில் இரண்டு நிமிட வேலை.

அந்த இடைவெளி ஃபைலோடு முடிவதில்லை. ராத்திரி ஆர்டர் வந்த ஜோடி காலையில் இன்னும் அலமாரியில்தான் இருக்கும். விற்பனைப் பையன் அதையே எடுத்து வாடிக்கையாளருக்குக் காட்டிவிடுவான். அதனால் ஆர்டரை இறக்கியதும் முதல் வேலை, ஜோடியை எடுத்துத் தனி ரேக்கில் வைப்பது. எங்கள் கம்பெனிக் கடையில் டப்பாவுக்குச் சிவப்பு ரப்பர் பேண்டு போடுவோம். சிவப்பு போட்ட டப்பாவை யாரும் தொடக் கூடாது. கடை திறந்து முதல் வாடிக்கையாளர் உள்ளே வருவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும்.

அமேசானில் விற்பனையாளர் பக்கத்து ரத்து 2.5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. வாரம் 40 ஆர்டர் வருகிற கடைக்கு ஒரே ஒரு ரத்து வந்தாலே 2.5 ஆகிவிடும். அதனால் சின்னக் கடைக்குத்தான் இந்த வேலை கூடுதல் அவசியம்.

பைபாஸ்_பாய் (ஆம்பூர்)
வியாழன், இரவு 10.55

மூன்று நாள் எடுத்தது, எடுத்துவிட்டேன். 228 வரியில் 171 வரி எந்த இடைவெளியிலும் ஒன்றைத் தாண்டவே இல்லை. 49 வரி இரண்டு வரை போயிருக்கிறது. மூன்று போனது எட்டே வரி. எட்டும் 8-ம் நம்பரும் 9-ம் நம்பரும்தான், எல்லாமே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

முன்னால் வரிக்கு இரண்டு வீதம் 456 ஜோடி ஒதுக்கியிருந்தேன். இப்போது 171-ம், 98-ம், 24-ம் சேர்த்து 293. கூடுதல் பத்திரமாகவும் இருக்கிறது, 163 ஜோடி ஆன்லைனில் புதிதாகத் தெரிகிறது. பஃபரை ஏற்றலாமா என்று கேட்டு வந்தேன், குறைந்துவிட்டது.

இன்னும் இரண்டு கேள்வி. கணக்கே தவறி வந்த அந்த மூன்று ரத்து எப்படி வந்தது? போன மார்ச்சில் மொத்தச் சரக்கும் எண்ணினோம், ஒரு ஜோடிகூட வித்தியாசம் இல்லை. அடுத்தது, 11-ம் நம்பர் பல மாடலில் ஒரே ஒரு ஜோடி. பஃபர் ஒன்று என்றால் அது ஆன்லைனில் ஒருநாளும் வராது. கவுன்டரில் 11 கேட்பவர் மாதம் இரண்டு பேர்.

இருப்பு_மாலா (ராணிப்பேட்டை)
வெள்ளி, காலை 7.05

மார்ச்சில் எண்ணியபோது மொத்தத்தைப் பார்த்தீர்களா, சைஸ் வாரியாகப் பார்த்தீர்களா?

பைபாஸ்_பாய் (ஆம்பூர்)
வெள்ளி, காலை 9.30

மாடல் வாரியாக மொத்தம்தான் பார்த்தோம்.

இருப்பு_மாலா (ராணிப்பேட்டை)
வெள்ளி, காலை 9.55

அப்படியென்றால் சைஸ் மாற்றல்தான். 8 வாங்கிப் போனவர் இறுக்குகிறது என்று மறுநாள் திரும்ப வருவார். அதே மாடலில் 9 எடுத்துக் கொடுப்பீர்கள். விலை ஒன்றுதான், பணம் கை மாறவில்லை, பில் இல்லை. அலமாரியில் 8 ஒன்று கூடிவிட்டது, 9 ஒன்று குறைந்துவிட்டது, கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது. மொத்தம் எண்ணினால் அச்சாகச் சரியாக வரும். நான் பார்த்த ஷூக் கடைகளில் கணக்கு தவறுவதற்கு முதல் காரணம் திருட்டு இல்லை, இதுதான்.

மாற்றலுக்கும் ஒரு பில் போடச் சொல்லுங்கள், சைபர் ரூபாய் பில்லாக இருந்தாலும். தினமும் கடை திறப்பதற்கு முன் பத்து வரி எண்ணுங்கள். வரிசையாக எண்ண வேண்டாம். கம்ப்யூட்டரில் மூன்றும் அதற்குக் கீழும் இருக்கிற வரிகளை எடுங்கள், ரத்து வருவது அங்கேதான். சைபர் என்று காட்டுகிற வரிகளையும் போய்ப் பாருங்கள். அலமாரியில் ஒன்று இருந்தால் பக்கத்து சைஸில் ஒன்று குறைந்திருக்கும், அதையும் அப்போதே எண்ணிவிடலாம்.

ஆன்லைனிலிருந்து திரும்பி வருகிற பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் கணக்கில் ஏற்றாதீர்கள். கேஷ் ஆன் டெலிவரியில் திரும்புவது நிறைய இருக்கும். "திரும்பி வருகிறது" என்று தளத்தில் காட்டினாலே இருப்பில் சேர்த்துவிடுகிற பழக்கம் சில கடைகளில் உண்டு. லாரியில் இருக்கிற ஜோடியை விற்கிற மாதிரி ஆகிவிடும்.

11-ம் நம்பருக்கு என் வழி: அந்த ஒற்றை ஜோடியை அலமாரியிலிருந்து எடுத்து ஆன்லைன் ரேக்கிலேயே வைத்துவிடுங்கள். கவுன்டருக்கு அது கிடையாது. பஃபர் சைபர், காட்டுவது ஒன்று.

குடியாத்தம்_கைலி
வெள்ளி, பகல் 12.40

அக்கா, மற்றதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன், கடைசியில் சொன்னதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. காரை நிறுத்தி இறங்கி வந்து 11 இருக்கிறதா என்று கேட்கிற மனுஷனிடம், உள்ளே ரேக்கில் ஜோடியை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்வதா? அவர் வேறு எங்கும் சைஸ் கிடைக்காமல் வந்திருப்பார்.

இருப்பு_மாலா (ராணிப்பேட்டை)
வெள்ளி, பகல் 1.10

இல்லை என்று சொல்ல வேண்டாம் அண்ணே. தளத்தில் சைபர் ஆக்கிவிட்டு, ஆர்டர் வரவில்லை என்று பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும். கல்யாண கோஷ்டிக்குச் செய்கிற அதே இரண்டு நிமிடம்தான்.

குடியாத்தம்_கைலி
வெள்ளி, பகல் 1.35

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த இரண்டு நிமிடத்தை யார் செய்வார்கள்? செய்ய மறந்தால் அதுதான் அடுத்த ரத்து. நான் என்றால் 11-ஐக் கவுன்டருக்கே விட்டுவிடுவேன்.

கோரமங்களா_குமரன்
வெள்ளி, மாலை 6.20

இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. பாய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணிக்கு இன்னொரு ஃபைல் ஏற்ற முடியுமா? இடைவெளி பாதியானால் அந்த எட்டு வரியிலும் பஃபர் இரண்டாகக் குறையலாம். ஆனால் கூட்டம் சாயங்காலம்தான் என்றால் ஆறு மணி ஃபைலை எட்டுக்குத் தள்ளுவது நல்லதா என்பதையும் பில் நேரத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

பைபாஸ்_பாய் (ஆம்பூர்)
மறு திங்கள், இரவு 10.20

பத்து நாள் ஆயிற்று. ஆர்டர் இறக்கி, கணக்குப் போட்டு, ஏற்றுவது மூன்றும் இப்போது ஒரே வேலை. பையன் எட்டு நிமிடத்தில் முடிக்கிறான். சிவப்பு ரப்பர் பேண்டு ஒரு பாக்கெட் வாங்கிவிட்டோம். இந்தப் பத்து நாளில் ஒரு ரத்துதான். அதுவும் கம்ப்யூட்டரில் ஒன்று, அலமாரி காலி என்ற வகை. ஞாயிறு இரண்டு மணி ஃபைலை நேற்றுத்தான் ஆரம்பித்தோம், இன்னும் சொல்லத் தெரியவில்லை. 11-ம் நம்பரை இப்போதைக்குப் பாதி மாடலில் ரேக்கிலும் பாதி மாடலில் கவுன்டரிலும் வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் எது எவ்வளவு போனது என்று எழுதுகிறேன்.

காலையில் பத்து வரி எண்ணுவதில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வாரமாக டப்பாவின் லேபிளைப் பார்த்துத்தான் எண்ணினோம். இன்று கருப்பு டெர்பி 8-ம் நம்பர் கம்ப்யூட்டரில் மூன்று, அலமாரியில் மூன்று, சரி என்று டிக் போட்டான். எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை, மூடியைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது டப்பாவில் இடது கால் 8, வலது கால் 9. அப்படியென்றால் இடது 9-ம் வலது 8-ம் ஒரே டப்பாவில் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது. இந்த மாடல் 9-ம் நம்பர் இரண்டு வாரத்தில் நாலு பேருக்குப் போயிருக்கிறது. பில்லில் இருந்த நம்பருக்கெல்லாம் போன் போட்டேன். மூன்று பேர் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், சரியாக இருக்கிறதாம். நாலாவது ஆள் ஓசூர்க்காரர், இன்னும் எடுக்கவில்லை.